ஏசிக்கு மேலே கரும்புள்ளி: மழைக்காலம் முடியும்வரை செய்ய வேண்டியவை

மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர், அம்பத்தூர் குடியிருப்புகளுக்கான ஐப்பசி – மார்கழி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இன்றிரவு படுக்கப் போகும்முன் டார்ச் விளக்கை எடுத்து, ஏசியின் இன்டோர் யூனிட்டுக்கு மேலேயும் காற்று வரும் வாய்க்கு எதிரே உள்ள கூரைப் பகுதியிலும் சாய்வாக அடித்துப் பாருங்கள். மிளகு தூவியதுபோல் சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. பலர் இதை மொட்டை மாடிக் கசிவு என்று நினைத்து மேல்தளத்துக்குப் பூச்சு அடிக்கச் செலவழிக்கிறார்கள். ஆனால் கூரையில் ஏசி வாய்க்கு அருகே மட்டும் புள்ளி இருந்தால், தண்ணீர் பெரும்பாலும் மாடியிலிருந்து வருவதில்லை. அறையின் காற்றிலிருந்தே வருகிறது.

சுவர் ஏன் வியர்க்கிறது?

குளிர்ந்த மோர் நிறைந்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத்தான் இதுவும். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மழைநாளில் வெளிக்காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், அதன் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் நீர் படியும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏசியை 20 டிகிரியில் வைத்து இரவு முழுக்க ஓட்டுகிறார்கள். காலில் காற்று அடிக்கிறது என்று, காற்றைத் திருப்பும் தகட்டை மேல்நோக்கி வைத்திருக்கிறார்கள். யூனிட்டிலிருந்து வரும் 12, 14 டிகிரிக் காற்று கூரையைத் தடவிக்கொண்டே போகிறது. விடியும்போது அந்தப் பட்டை மட்டும் 20 டிகிரிக்கும் கீழே போயிருக்கும். காலை ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தி, காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறக்கிறார்கள். 25 டிகிரிப் பனிநிலை கொண்ட மழைக்காற்று உள்ளே வந்து, சில்லிட்ட கூரையில் நீராகப் படிகிறது. கை வைத்தால் பிசுபிசுக்கும். எட்டு மணிக்குள் காய்ந்துவிடுவதால் யார் கண்ணிலும் படாது. இதே கதை நாள்தோறும் நடந்தால், சில வாரங்களில் புள்ளிகள் வந்துவிடும்.

சொட்டு சொட்டாக நீர் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பரப்பை ஒட்டியுள்ள காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தாலே பூஞ்சைக்குப் போதும். டிஸ்டெம்பரிலுள்ள பசையும், ஜிப்சம் போர்டின் மேலுள்ள காகிதமும், சுவரில் படிந்த தூசும் அதற்கு உணவு.

கசிவா, வியர்வையா?

புள்ளி உள்ள இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிச் சதுரத்தில் அலுமினியத் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். வழக்கம்போல் ஏசியை ஓட்டி, இரண்டு நாள் கழித்துக் காலையில் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் மேலிருந்தோ உள்ளிருந்தோ கசிகிறது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. மாடிக் கசிவு பழுப்பு வளையமாக விரியும். ஏசியே ஓடாவிட்டாலும் மழை பெய்தால் பெருகும். யூனிட்டுக்குக் கீழே கோடாக வடிந்தால் ட்ரெய்ன் பைப் அடைத்திருக்கிறது அல்லது அதன் சாய்வு தவறு. சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்ந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளில் இதைப் பார்க்கலாம். அதற்கு இந்த ஆலோசனை பொருந்தாது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

யூனிட்டுக்குப் பின்னால் பைப் போகும் துளையைப் பாருங்கள். பல வீடுகளில் அதை அடைக்காமலே விட்டிருப்பார்கள். அதன் வழியே மழைக்காற்று நேராகக் குளிர்ந்த சுவருக்கு வந்து சேரும். வெளிப்பக்கமும் உள்பக்கமும் சீலன்ட் அல்லது பட்டி வைத்து அடையுங்கள். செம்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு நுரை உறை கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் வியர்க்கும் நீர் சுவருக்குள் இறங்கும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். காற்று கூரையையும் பக்கத்துச் சுவரையும் தொடாதபடி தகட்டைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். காற்று உடல்மேல் அடித்தால் கட்டிலை நகர்த்துவதே நல்லது.

துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். மெஷினில் பிழிந்த ஒரு சுமைத் துணியில்கூட இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அத்தனையும் அந்த அறைக் காற்றுக்குத்தான் போகும்.

இரவும் காலையும்

ஏசியை 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். அறை 26-இல் இருந்தால் சுவர் மழைக்காற்றின் பனிநிலைக்குக் கீழே எளிதில் இறங்காது. ஆனால் மழை நாளில் அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரம் குறையாமலே நின்றுவிடும். அதனால் படுக்கும்முன் ஒரு மணி நேரம் டிரை மோடில் ஓட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அறையில் வையுங்கள். அது 60 சதவீதத்துக்கு அருகில் நின்றால் நிம்மதி. 70-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் எங்கோ வெளிக்காற்று புகுகிறது.

காலையில் கூலிங்கை நிறுத்தி, 20 நிமிடம் ஃபேன் மோடில் விடுங்கள். யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருள் காயும். பிறகும் அரை மணி நேரம் ஜன்னலைத் திறக்காமல் மின்விசிறியை ஓடவிட்டு, சுவர் குளிர் விட்டபின் திறங்கள். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

வந்துவிட்ட பூஞ்சைக்கு

பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். ஏசியின் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிளீச்சிங் கரைசல் போட்டால் கழிவறை ஆசிடையோ அமோனியா உள்ள கிளீனரையோ அதோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்நேரம் அந்த அறையில் இருக்கக் கூடாது.

ஜிப்சம் போர்டு விரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்கினால் துடைத்துப் பயனில்லை. அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டும். யூனிட்டின் ப்ளோயர் சக்கரத்தில் கறுப்புப் படிந்திருந்தால் மெக்கானிக்கை அழைத்துக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் கழுவிய சுவரில் அதுவே மறுபடி வித்துத் தூவும்.

பெயிண்டரை இப்போதே அழைத்துவிடாதீர்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்டின் அடியில் பூஞ்சை வளர்ந்து, அடுத்த மழைக்குள் உரிந்து விழும். தை பிறந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின், பூஞ்சை தடுக்கும் பிரைமர் போட்டு அடியுங்கள். அதுவரை துணியும் சோப்பும் 26 டிகிரியும் போதும்.