மறுசோறு போடும் முன் பத்து நிமிடம்

சாப்பிட்ட ஒவ்வொரு இட்லியையும் செயலியில் பதிய அலுப்பாக இருந்தால், சாப்பிடும் வேகத்தைக் கவனியுங்கள். இரைப்பை விரிவதும் குடல் ஹார்மோன்கள் சுரப்பதும் சேர்ந்துதான் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்கின்றன. அதற்குச் சுமார் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். குழையப் பிசைந்த சாம்பார் சாதமோ ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். உடனே மறுசோறு கேட்கத் தோன்றினால், அது பசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2019-ல் வெளியான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வில், அதிகம் பதப்படுத்திய உணவை உண்டபோது பங்கேற்றவர்கள் வேகமாகவும், நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். மெல்லத் தேவையில்லாத மென்மை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அரைமணி இடைவேளையில் மெதுவாகச் சாப்பிட எங்கே நேரம் என்று கேட்கலாம். கடிகாரம் பார்க்க வேண்டாம்; மெல்ல வைக்கும் உணவைச் சேர்த்தாலே வேகம் தானாகக் குறையும். சோற்றின் அளவுக்கே பீன்ஸ் பொரியலோ சுண்டலோ வைத்துக்கொண்டு, வாயிலுள்ளதை விழுங்கிய பிறகே அடுத்த கவளத்தை எடுங்கள். ஆனால் தட்டு நிறைய இருந்தால், மெதுவாகத் தின்றாலும் அத்தனையும் உள்ளே போய்விடும். அதனால் முதலில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி குறைத்துப் போட்டு, முடிந்ததும் பத்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் பசித்தால் அந்தக் கரண்டியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றளவை மாற்றக் கூடாது.