பாறை மேல் ஒரு தேர்வு

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளைக்கு நான் எடுத்துக்கொள்ளும் சிறுகதை இது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2021ஆம் ஆண்டில் நடக்கிறது.

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். பத்தாம் வகுப்பு படிக்கும் பொன்னியின் வீட்டில் ஒரே செல்போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்பும். அதனால் ஆசிரியர் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்புகிறார். விடைத்தாள் ஏழு மணிக்குள் வர வேண்டும். வீட்டில் சிக்னல் கிடையாது. தினமும் சாமைக் காட்டைத் தாண்டி மேட்டுப் பாறைக்கு ஏறுகிறாள். வினாத்தாள் உடனே வந்துவிடுகிறது. எழுதி முடிக்கும்போது ஆறரை. ஆறு பக்கங்களையும் படமெடுத்து, சொன்னபடி ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புகிறாள். கடிகாரக் குறி மாறவே இல்லை. இருட்டுகிறது. அப்பா டார்ச்சுடன் வந்து நிற்கிறார். ஏழே காலுக்கு ஒரு டிக் விழுகிறது. பதிவேட்டில் மூன்று நாளும் ‘தாமதம்’. நான்காம் நாள் அப்பாவே பாறைக்கு வந்து ஆசிரியரை அழைக்கிறார்: “புள்ள ஆறரைக்கே எழுதி முடிச்சிடுச்சு சார். போய்ச் சேந்ததுதான் ஏழே கால்.”

கதை இங்கே முடிகிறது. கதையின் கருத்தை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்று எழுதினர். “பொன்னி வெற்றி பெற்றாளா?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. பிறகு கதைக்குள்ளேயே காரணம் தேடினோம்.

பாறை மேல் மட்டும் ஏன் சிக்னல்? ரேடியோ அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்லும். ஊரை டவரிடமிருந்து மலை மறைக்கிறது. வினாத்தாள் வந்த இடத்தில் விடைத்தாள் ஏன் போகவில்லை? டவரின் ஆற்றல் அதிகம். செல்போன் திருப்பி அனுப்பும் ஆற்றல் மிகக் குறைவு. மேலும், வினாத்தாள் ஒரு பக்கம். விடைத்தாள் ஆறு பெரிய படங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைப் பல மடங்கு சுருக்கும், கையெழுத்தும் படிக்கும்படி இருக்கும். ‘டாக்குமெண்ட்’ என்றால் சுருங்காது. அவளைத் தாமதமாக்கியது மலை மட்டுமல்ல, ஆசிரியரின் அந்த ஒரு வரியும்தான்.

“அப்போ நேரத்துக்கு அனுப்பினவங்களுக்கு அநியாயம் இல்லையா ஐயா?” என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. அதையே எழுத்துப் பணியாக்கினேன்: அந்த ஆசிரியராக இருந்து, ‘தாமதம்’ என்பதற்குப் பதிலாகப் பதிவேட்டில் எழுத வேண்டியதை ஐந்து வரிகளில் எழுதுக. இரக்கத்திற்கு மதிப்பெண் இல்லை. கதையிலிருந்து ஒரு சான்றாவது காட்ட வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவனே இப்படி எழுதியிருந்தான்: “எழுதி முடித்த நேரம் 6.30. நாளை முதல் எல்லோரும் முடித்ததும் முதல் பக்கத்தை மட்டும் சாதாரணப் படமாக அனுப்பவும். மற்றவை இரவுக்குள் வரலாம்.”

பதிவேட்டில் நான் எழுதிய பழைய ‘தாமதம்’களை அன்று மாலை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.