விடையை ஊகித்து ஏணிச் சுற்றைத் தீர்த்தல்

கிர்க்காஃப் விதிகளை நடத்தி முடித்ததும், பன்னிரண்டாம் வகுப்பில் ஓர் ஏணிச் சுற்றைக் கரும்பலகையில் வரைவேன். 18 வோல்ட் மின்கல அடுக்கு. அதிலிருந்து மேல் கம்பியில் 3 ஓம். அடுத்து கீழ்க் கம்பிக்கு இறங்கும் படியாக 6 ஓம். மறுபடியும் மேலே 3 ஓம், கீழே இறங்க 6 ஓம். கடைசியாக மேலே 2 ஓம், கீழே இறங்க 4 ஓம். அந்த 4 ஓமில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு?

மூன்று கண்ணிகள், மூன்று ஒருங்கமைச் சமன்பாடுகள். இயற்பியலை நன்கு புரிந்துகொண்ட மாணவர்கூட ஒரு குறியைத் தவறவிட்டு மாட்டிக்கொள்வார். அதனால் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்: "4 ஓமில் 1 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்."

அதே 1 ஆம்பியர்தான் 2 ஓமிலும் ஓடும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்து 6 வோல்ட். அது இரண்டாவது படியின் 6 ஓமுக்கும் உரியது. அங்கே 1 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 2 ஆம்பியர் நடு 3 ஓமில் வருகிறது. அதில் 6 வோல்ட். எனவே முதல் படியில் 12 வோல்ட், 2 ஆம்பியர். முதல் 3 ஓமில் மொத்தம் 4 ஆம்பியர், 12 வோல்ட். மின்கல அடுக்குக்கு 24 வோல்ட் தேவை என்று வருகிறது. ஓம் விதியும் கூட்டலும் மட்டுமே போதுமானதாக இருந்தன.

நம்மிடம் இருப்பதோ 18 வோல்ட். சுற்று நேரியல்பு உடையது. மின்கலம் முக்கால் பங்கானால் எல்லா மின்னோட்டங்களும் மின்னழுத்தங்களும் முக்கால் பங்காகும். ஆகவே 4 ஓமில் 0.75 ஆம்பியர், மின்கலத்திலிருந்து 3 ஆம்பியர்.

திறனைக் கேட்டால்தான் தவறு வெளிப்படும். ஊகத்தில் 4 ஓமின் திறன் 4 வாட். "முக்கால் பங்கு, 3 வாட்" என்று பலர் எழுதுவார்கள். திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால் 0.75-ஐ இருமுறை பெருக்க வேண்டும். சரியான விடை 2.25 வாட். சந்தேகம் இருந்தால் ஆறு மின்தடைகளின் திறன்களையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கலம் தருவது 18 × 3 = 54 வாட்; கூட்டுத்தொகையும் 54 வரவேண்டும்.

இரண்டு இடங்களில் இம்முறையை அப்படியே பயன்படுத்த முடியாது. 4 ஓமுக்குப் பதில் இழை பல்பை வைத்தால், சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். 1 ஆம்பியருக்குப் போட்ட கணக்கு 0.75 ஆம்பியருக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு படியில் இன்னொரு மின்கலம் இருந்தாலும் நேர்த்தகவு உடைந்துவிடும், சுற்று நேரியல்பாகவே இருந்தாலும். அப்போது ஊகத்தை இருமுறை செய்ய வேண்டும்: கடைசி மின்னோட்டத்தை 0 என்றும் 1 என்றும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் மின்கலத்துக்கு எத்தனை வோல்ட் தேவை என்று கண்டால் வரைபடத்தில் இரு புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைக்கும் நேர்க்கோட்டில் 18 வோல்ட்டுக்கு உரிய மின்னோட்டமே விடை.