நாடித் துடிப்பும் உடலின் எரிபொருளும்

தேகப்பயிற்சிக் கூடங்களில் வைக்கப்பட்டுள்ள ஓடுபொறிகளின் முகப்பிலும், மணிக்கட்டில் அணியும் கருவிகளிலும் ‘கொழுப்பு எரியும் மண்டலம்’ என்னும் குறிப்பு ஒன்று காணப்படுவதுண்டு. வயதுக்கு ஏற்ற உச்ச நாடித் துடிப்பில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் வரையுள்ள பகுதியே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. 40 வயதுடைய ஒருவருக்கு இது நிமிடத்திற்கு 108 முதல் 126 துடிப்பு வரை ஆகும். இதைக் காண்பவர், இவ்வெல்லைக்குள் நடந்தால் கொழுப்புக் கரையும் என்றும், எல்லையைத் தாண்டி வேகமாக ஓடினால் கொழுப்புக் கரைவது நின்றுவிடும் என்றும் எண்ணிக்கொள்கிறார். இக்குறிப்பு ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டதே. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு தவறானது. அது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தசைகள் இயங்குவதற்கு மாவுப்பொருள், கொழுப்பு ஆகிய இரண்டும் எரிபொருள்களாகப் பயன்படுகின்றன. ஒன்று தீர்ந்தபின் மற்றொன்று தொடங்குவதில்லை. எந்நேரமும் இரண்டும் கலந்தே எரிகின்றன. மாறுவது கலவையின் விகிதம் மட்டுமே. இவ்விகிதத்தை அறிய உதவுவது நாம் வெளிவிடும் மூச்சாகும். குளூக்கோஸ் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு எரிய 6 மூலக்கூறு பிராணவாயு தேவை. அதனால் 6 மூலக்கூறு கரியமிலவாயு வெளிப்படுகிறது. ஆகவே, வெளிப்படும் கரியமிலவாயுவைச் செலவான பிராணவாயுவால் வகுத்தால் கிடைக்கும் ஈவு 1 ஆகும். கொழுப்பு அமிலமாகிய பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 மூலக்கூறு பிராணவாயு தேவை. ஆனால் வெளிப்படுவது 16 மூலக்கூறு கரியமிலவாயுவே. இங்கே ஈவு 0.70 ஆகும். இதனைச் சுவாச ஈவு என்பர். ஒருவரது சுவாச ஈவு 0.85 ஆக இருப்பின், அவருடைய சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தும் பாதி மாவுப்பொருளிலிருந்தும் கிடைக்கிறது எனக் கொள்ளலாம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 வயதுள்ள, நடுத்தர உடல்வன்மை வாய்ந்த ஒருவர் அரைமணி நேரம் ஓய்வாகப் படுத்திருக்கிறார்; பிறிதொரு நாள் அரைமணி நேரம் விரைந்து நடக்கிறார்; மற்றொரு நாள் அரைமணி நேரம் மெதுவாக ஓடுகிறார் என வைத்துக்கொள்வோம்.

படுத்திருக்கையில் அவர் நிமிடத்திற்குக் கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறார். சுவாச ஈவு 0.80. அரைமணியில் செலவாகும் சக்தி 36 கலோரி. இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 கலோரி, கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கில் எரிந்த கொழுப்பு சுமார் 3 கிராம்.

நடக்கையில் நாடி 110; பிராணவாயு நிமிடத்திற்கு 1.2 லிட்டர்; சுவாச ஈவு 0.85. அரைமணியில் 175 கலோரி செலவாகிறது. அதில் பாதி கொழுப்பு. அதன் அளவு சுமார் 10 கிராம்.

ஓடுகையில் நாடி 145. பிராணவாயு 2 லிட்டர். சுவாச ஈவு 0.90. அரைமணியில் 295 கலோரி செலவாகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கொழுப்பு. எனினும் அதன் அளவு சுமார் 11 கிராம்.

விகிதத்தை மட்டும் நோக்கினால், கொழுப்பை எரிப்பதற்குச் சிறந்த வழி படுத்திருப்பதே என்றாகிவிடும். ஓடுபொறியின் குறிப்பில் மறைந்திருக்கும் பிழை இதுதான். பெரிய தொகையில் சிறு பங்கும், சிறிய தொகையில் பெரும் பங்கும் ஏறத்தாழச் சமமாகலாம் என்பதை அது கூறுவதில்லை. மேற்கூறிய மனிதர் ‘மண்டலத்தை’ விட்டு வெளியே ஓடியபோதும் கொழுப்பு எரிவது குறையவில்லை. மொத்தச் சக்திச் செலவோ 120 கலோரி மிகுந்தது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் மிகுமாயின் சுவாச ஈவு 1-ஐ நெருங்குகிறது. அப்போது எரியும் கொழுப்பின் பங்கு மட்டுமன்றி அளவும் குறைந்துவிடுகிறது. ஆனால் உடலில் சேர்ந்துள்ள கொழுப்புக் குறைவது பயிற்சி நடக்கும் அரைமணியில் தீர்மானிக்கப்படுவதன்று. பயிற்சியின்போது மாவுப்பொருள் மிகுதியாகச் செலவானால், பின்னர் உண்ணும் மாவுப்பொருளின் ஒரு பகுதி தசைகளின் சேமிப்பை நிரப்பச் செல்கிறது. அந்நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கிறது. பல நாட்களின் ஆகாரத்திற்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடே முடிவில் கணக்கில் நிற்கும்.

இனி நாடித் துடிப்பு நமக்கு எதைத் தெரிவிக்கிறது என்பதைக் காண்போம். தசைகள் கேட்கும் பிராணவாயுவை இரத்தத்தின் வழியே கொண்டுசெல்வது இருதயத்தின் பணி. ஆதலின், சீராக நடக்கும்போதும் ஓடும்போதும் பிராணவாயுச் செலவு உயர உயர நாடியும் ஏறக்குறைய நேர்விகிதத்தில் உயர்கிறது. உழைப்பின் கடுமையை நாடி காட்டுகிறது என்பது இதனால் உண்மை. ஆனால் சுவாச ஈவைக் கணக்கிடக் கரியமிலவாயுவின் அளவும் வேண்டும். அதை நாடி அறியாது. ஒரே மனிதர் ஒரே வேகத்தில் காலையில் வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு மிகுதியாக எரிகிறது. சோறோ ரொட்டியோ உண்டு ஒரு மணி நேரம் கழித்து நடந்தால், இன்சுலின் சுரப்பு கொழுப்பு வெளிப்படுவதைத் தடுப்பதால் மாவுப்பொருள் மிகுதியாக எரிகிறது. இரு வேளைகளிலும் நாடி ஏறத்தாழ ஒன்றாகவே இருத்தல் கூடும்.

உழைப்பு மாறாமலே நாடி மாறுவதும் உண்டு. வெயிலில் நடக்கும்போது உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்கிறது. வியர்வையால் நீரும் குறைகிறது. அதனால் அதே வேகத்திற்கு நாடி கூடுதலாகத் துடிக்கிறது. அச்சம், காய்ச்சல், உறக்கமின்மை ஆகியவையும் நாடியை உயர்த்தும். இரத்த அழுத்தத்திற்காகக் கொடுக்கப்படும் பீட்டா தடுப்பு மருந்துகளோ அதைத் தாழ்த்தும்.

‘மண்டலத்தை’ வரையறுக்கும் 220-லிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாடும் நுட்பமானதன்று. அது பலரின் சராசரி மட்டுமே. 40 வயதினருக்கு உச்ச நாடி 180 என்று அது கூறினாலும், ஒருவருக்கு 168 ஆகவும் மற்றொருவருக்கு 192 ஆகவும் இருப்பது அரிதன்று. முன்னவருக்கு 126 துடிப்பு என்பது உச்சத்தில் 75 சதவீதம்; பின்னவருக்கு அது 66 சதவீதத்திற்கும் குறைவு. பொறியோ இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

இதனை வகுப்பில் எளிதில் விளக்கிக் காட்டலாம். மாணவர் ஒருவரை அளந்த தூரம் ஒன்றைக் காலைக் குளிர்ச்சியில் 10 நிமிடத்தில் நடக்கச் செய்து, நின்றவுடன் மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கமாக மூன்று விரல்களை வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குக. தாமதித்தால் நாடி விரைவில் தணிந்துவிடும். 15 விநாடியில் ஒரு துடிப்பு பிழைத்தால் விடையில் 4 துடிப்பு பிழைக்கும் என்பதையும் நினைவிற்கொள்க. அதே தூரத்தை, வெயில் சற்று ஏறியபின், அதே 10 நிமிடத்தில் நடந்து மறுபடியும் எண்ணுக. உழைப்பு ஒன்றே, எண் வேறு.

ஆகவே நாடியை எரிபொருளின் அளவுகோலாகக் கொள்ளாமல், ஒருவர் தம்மையே தம்முடன் ஒப்பிடும் அளவுகோலாகக் கொள்வதே தக்கது. அதே தூரம், அதே நேரம், அதே பொழுது என்ற நிலையில் நாடி வாரங்கள் செல்லச் செல்லத் தணியுமாயின் உடல்வன்மை வளர்ந்துள்ளது எனக் கூறலாம். எரிபொருள் மாவுப்பொருளின் பக்கம் வெகுவாகச் சாய்ந்துவிட்டதா என்பதைத் தோராயமாக அறிய வேறோர் எளிய குறி உண்டு: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு இடறாமல் பேச இயலாத நிலை அது.