காலியான டயாலிசிஸ் இடத்திற்கு முதலில் யாரை அழைக்கிறோம்?

“நேற்று ஓர் இடம் காலியாயிற்றாமே, எங்களை ஏன் அழைக்கவில்லை?” டயாலிசிஸ் பிரிவில் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அழைக்கும் வரிசை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குகிறேன்.

காலை 11 மணிச் சுற்றுக்கு வரவேண்டிய ஒருவர், காய்ச்சலால் வேறோர் ஊரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாக 10.10க்குத் தகவல் வருகிறது. சிகிச்சை நான்கு மணி நேரம் நடைபெற வேண்டும். அடுத்த சுற்று மாலை 4 மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் இயந்திரத்தைத் தூய்மைப்படுத்தி ஆயத்தம் செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஆகவே 11.30க்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். எடை, இரத்த அழுத்தம் பார்த்து, ஊசி பொருத்த இருபது நிமிடம் தேவை. வருபவர் 11.10க்குள் வாசலுக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரு மணி நேரம் மட்டுமே.

அந்நேரத்தில் பட்டியலில் ஐவர் இருக்கிறார்கள் எனக் கொள்வோம். முதலாமவர் முந்தைய முறையைத் தவறவிட்டவர்; முந்தைய நாள் வீட்டில் பார்த்த எடை நான்கு கிலோ கூடியிருந்தது; ஆட்டோவில் 25 நிமிடத் தொலைவு. இரண்டாமவரும் தவறவிட்டவரே, ஆனால் பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். மூன்றாமவருக்கு முறை நாளைதான். எடை மூன்று கிலோ கூடியுள்ளது. இருபது நிமிடத் தொலைவு. நான்காமவர் எங்கள் வார்டிலேயே இருப்பவர். அவருக்கு ஒரு கூடுதல் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஐந்தாமவர் ஐந்து நிமிடத் தொலைவில் வசிப்பவர். நாளை வீட்டுத் திருமணம் என்பதால் இன்றைக்கு மாற்றித் தருமாறு கேட்டிருக்கிறார்.

முதலில் பார்ப்பது, இந்த இயந்திரத்தை இந்நேரத்திற்குள் யாரால் பயன்படுத்த இயலும் என்பதே. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் உண்டு. அவர்களை இதற்கு அழைப்பதில்லை. இரண்டாமவரால் 11.10க்குள் வர இயலாது. எனினும் அவரை மறந்துவிடுவதில்லை. மாலைச் சுற்றிலோ மறுநாள் முதல் சுற்றிலோ அவருக்கு இடம் தேடுகிறோம்.

அடுத்து, மருத்துவத் தேவை. அதன்படி முதலாமவரே முதலில். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் தேவை ஏறத்தாழ ஒன்றே என மருத்துவர் கருதினால், தொலைவிலிருப்பவரை முன்னதாக அழைக்கிறோம். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வெளியிலிருந்து வருபவருக்கு 10.40க்குப் பின் சொல்லிப் பயனில்லை; வார்டில் இருப்பவரை 10.55க்குக்கூட அழைத்து வர முடியும். ஐந்தாமவர் எவ்வளவு அருகில் இருந்தாலும், அவருடையது வசதிக்கான மாற்றம் என்பதால் இறுதியில் வருகிறார்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன? இருவர் கிளம்பி வருவர். ஒருவர் வாசலிலிருந்து திரும்ப நேரிடும். முதலில் பதில் தருபவர் பெரும்பாலும் அருகில் இருப்பவரே. தேவை மிகுந்தவர் அல்லர். எனவே ஒரு நேரத்தில் ஒருவரையே கேட்கிறோம். நோயாளியின் எண், பின் உறவினரின் எண், பின் “10.22க்குள் பதில் தருக” என்ற செய்தி. அந்நேரம் கடந்தால் அடுத்தவரை அழைக்கிறோம்.

இம்முறையிலும் குறை உண்டு. முதலாமவரின் பழைய எண்ணே எங்கள் பதிவேட்டில் இருந்தது, மகனும் தொலைபேசியை எடுக்கவில்லை எனக் கொள்வோம். 10.24க்கு மூன்றாமவர் வர இசைகிறார். 10.31க்கு மகன் அழைக்கிறார். இசைந்து கிளம்பியவரைத் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் மகனிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: “அப்பா இரவு படுத்து உறங்கினாரா?” மூச்சுத் திணறி உட்கார்ந்தே இருந்தார் என்றால், அவர் காத்திருப்போர் பட்டியலுக்குரியவர் அல்லர். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். அங்கே இதயத் துடிப்பும் பொட்டாசியமும் பார்க்கப்பட்டு, தேவையெனில் அவசர டயாலிசிஸ் ஏற்பாடு செய்யப்படும்.

மூச்சுத் திணறல், திடீர்த் தசைத் தளர்ச்சி, மயக்கம், சீரற்ற நெஞ்சுத் துடிப்பு ஆகியவை தோன்றினால் எங்கள் அழைப்புக்காகக் காத்திராதீர்கள்.

தொலைபேசி எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். பகலில் எடுக்கக்கூடிய உறவினர் எண் ஒன்றையும் தாருங்கள். வர இயலாதெனில் தயங்காமல் உடனே “இயலாது” என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் வழக்கமான முறை பாதிக்கப்படாது. அடுத்தவருக்கு அந்த நேரம் கிடைக்கும். நாங்கள் உறுதி செய்யும் முன் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டாம். இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நீரோ பழமோ கூடுதலாக உட்கொள்ளவும் வேண்டாம்.