தட்டில் மிஞ்சுவதையும் பார்

அன்புள்ள தங்கைக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உன் மேசைக்கு அடிக்கடி வரப்போகும் ஒரு புகாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். “அம்மா முன்ன மாதிரி சாப்பிடறதே இல்ல டாக்டர், இளைச்சுக்கிட்டே போறாங்க.” இதைக் கேட்டதும் சீட்டில் ‘பசியின்மை’ என்று எழுதத்தான் கை போகும். கொஞ்சம் பொறு. வீட்டார் சொல்வது ‘சாப்பிடுவதில்லை’ என்பதுதான். அதற்கு மெல்ல முடியவில்லை, விழுங்க முடியவில்லை, வேண்டியிருக்கவில்லை என்று மூன்று அர்த்தம் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பல முதியவர்களுக்கு மூன்றும் கலந்தே இருக்கும்.

74 வயதான ஓர் அம்மாவை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். எடை ஒன்பது மாதத்தில் 54 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு இறங்கியிருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், முயற்சி செய்யாமலே உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். இவருக்கு ஏறத்தாழ 15 சதவீதம் போயிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, தைராய்டு எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை, வயதுதான் என்று சொல்லிப் பசிக்கு ஒரு சிரப் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அத்தனை அறிக்கைகளிலும் அவர் வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

செயற்கைப் பல் செட்டைக் கழற்றச் சொன்னேன். மேல் அண்ணத்தில் செட் உட்காரும் இடம் முழுவதும், அதே வடிவத்தில், செக்கச்செவேல் என்று இருந்தது. செட்டை இரவிலும் கழற்றாமல் படுப்பவர்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்று அது. வெள்ளைப் படலத்தை மட்டும் தேடினால் இது கண்ணில் படாது. நாக்கை அழுத்தும் மரக்குச்சி உள்கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. எச்சில் அவ்வளவு வற்றியிருந்தது. கீழ் செட் வாயைத் திறந்ததுமே மேலே எழும்பியது. பற்கள் போன பிறகு தாடையெலும்பு ஆண்டுக்காண்டு தேயும். உடலும் மெலிந்தால் பழைய செட் இன்னும் தளரும். தளர்ந்த செட் ஈறில் உராய்ந்து புண்ணாக்கும், புண் வலிக்குமென்று பயந்து இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். வலிக்கிறது என்று அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். இந்த அம்மா சொன்னதெல்லாம் “எதுவும் பிடிக்கல தம்பி” என்பதுதான்.

வாயை நீ டார்ச் அடித்துப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடாதே. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர் என்றால் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார். அவருடைய விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க இடமில்லையென்றால், பாக்கினால் உள்கன்னம் இறுகிப் போயிருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் எதுவானாலும் பல் மருத்துவரிடம் அனுப்பிவிடு. செட்டைக் கழற்றாமல் பார்த்த வாய், பார்க்காத வாய்தான்.

அடுத்து, அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதற்கு ஸ்கேன் வேண்டாம், இட்லி போதும். பாதி இட்லிக்குக் கால் மணி நேரமானது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தே இறக்கினார். முடித்த பிறகும் கன்னத்தோரம் துணுக்குகள் தங்கியிருந்தன. இருமல் இல்லை, குரலும் மாறவில்லை. தடை தொண்டையில் இல்லை, வாயில் என்று எனக்குப் பட்டது.

இருமல் வந்திருந்தால் என் வழி மாறியிருக்கும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் உள்ளவர்களுக்குத் தொண்டைத் தசைகளின் ஒத்திசைவு குலையும். அவர்களுக்குக் கெட்டியான சாதத்தைவிடத் தண்ணீர்தான் ஆபத்து, ஏனென்றால் மூச்சுக்குழல் மூடுவதற்குள் அது ஓடிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து முதலில் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடு. அது சரியாக இறங்கினால் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல். இருமினாலோ, நடுவில் நிறுத்தினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, விழுங்குதலை மதிப்பிடும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பு. அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்யாதே. சிலருக்கு நுரையீரலுக்குள் தண்ணீர் போனாலும் இருமலே வராது. அதனால் சோதனையில் தேறியவருக்கும் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால் விழுங்குதலைச் சந்தேகப்படு. இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் அன்போடு கொடுப்பது நீர்த்த கஞ்சி. புரையேறவும் வழி, சத்தும் குறைவு.

உணவு நெஞ்சுக்குள் நிற்கிறது என்றால் அது வேறு கதை. முதலில் தோசை, சப்பாத்தி சிக்கி, சில வாரங்களில் குழைந்த சாதமும், பிறகு தண்ணீரும் சிக்கினால், உணவுக்குழாய் ஓரிடத்தில் குறுகிக்கொண்டு வருகிறது. புற்றுநோயை நினைத்துத் தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பு. தொடக்கத்திலேயே கெட்டியும் நீரும் சேர்ந்து நின்றால் உணவுக்குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம்.

அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். அது எச்சிலை வற்றவைக்கும். பசிக்குக் கொடுத்த சிரப்பில் இருந்தது சைப்ரோஹெப்டடின். அதுவும் வற்றவைக்கும், தூக்கமும் தரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மில்லிகிராம். அது பசியைக் குறைக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 சதவீதம். 74 வயதில், இத்தனை எடை இழந்த ஒருவருக்கு அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில் லாபமில்லை. போதாததற்குச் சோறு, வாழைப்பழம், கிழங்கு எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. வேண்டியிருக்கவில்லை என்பதன் பெரும்பகுதி அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. மீதியையும் கேட்டேன்: மலச்சிக்கல், தூக்கம், மனச்சோர்வு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது. கணவர் போன பிறகு அடுப்படித் திண்ணையில் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்று மருமகள் சொன்னார்.

சிரப்பை நிறுத்தினேன். அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். மெட்ஃபார்மினைக் காலை 500, இரவு 500 ஆக்கினேன். வாய்க்கும் செட்டுக்கும் இரண்டு வாரம் பூஞ்சை மருந்து; இரவில் செட்டைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட வேண்டும். செட்டோடு விட்டுவிட்டு வாய்க்கு மட்டும் மருந்து தடவினால் தொற்று திரும்பிவிடும். புண் ஆறியதும் பல் மருத்துவர் கீழ் செட்டின் உட்புறத்தை ஈறுக்குப் பொருந்தச் செப்பனிட்டார். சாப்பாட்டில் தடைகளை எடுத்தேன். ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வேளையிலும் முட்டையோ பருப்போ மீனோ தயிரோ ஒன்று, குழைந்த சோற்றில் ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். ஒரு வேளையாவது பேரப்பிள்ளைகளோடு. மூன்று மாதத்தில் எடை 49 ஆனது.

எல்லாருக்கும் இப்படி ஏறாது. இதையெல்லாம் சரிசெய்த பிறகு நான்கு வாரம் கொடு, அதே தராசில், அதே நேரத்தில் எடை பார். நன்றாகச் சாப்பிட்டும் இறங்கிக்கொண்டே போனால் வாயும் தொண்டையும் மட்டும் காரணமல்ல. சளி, மாலைக் காய்ச்சல், கட்டி, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை என்று மறுபடி முதலிலிருந்து தேடு. முன்பு எடுத்த அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்பதற்காகத் தேடாமல் விடாதே.

அன்புடன்,
உன் மூத்த சகா