நான்கு நேரங்களும் ஒரு கேள்வியும்

என் முதல் மின்னஞ்சல் புரோக்கரின் சப்போர்ட் டெஸ்க்குக்குப் போகாமல் தப்பியது, அதை அனுப்புமுன் அண்ணைக்குக் காட்டியதால்தான். கொழும்பில் பல வருடம் பங்குக் கணக்கு முடிக்கும் பகுதியில் வேலை செய்தவர் அவர். டண்டினொங் ஃபொஸ்டர் தெருவில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, என் கைபேசியை வாங்கி ஒருமுறை படித்தார். ஆறு பந்தி. 'மிகவும் மோசமான விலைக்கு என் பங்குகள் விற்கப்பட்டுவிட்டன' என்று தொடங்கியிருந்தேன்.

"தம்பி, விலை பிழை எண்டு எழுதாதை. ஓடர் பிழை எண்டு எழுது" என்றார்.

அந்த ஒரு திருத்தம்தான் எனக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அதற்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு கம்பனியின் 2,000 பங்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3.10 டொலருக்கு வாங்கியவை. வாங்கி ஒரு வருடமாக இன்னும் நான்கு வாரம் இருந்தது. விலை சரிந்தால் தானாகவே விற்பதற்கு ஒரு ஸ்டாப் லாஸ் ஓடர் போட்டிருந்தேன். விலை 4.20க்கு இறங்கினால் விற்பனைக்கு அனுப்பு, ஆனால் 4.10க்குக் கீழே விற்காதே என்பது அதன் பொருள். நவம்பர் 6, புதன்கிழமை காலை, டண்டினொங் சவுத்தில் வேலைக்குப் போகுமுன், 7:12 மணிக்கு அதைத் தளர்த்தினேன். தூண்டு விலை 3.90, எல்லை விலை 3.80. 'மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று அடுத்த நிமிடமே மின்னஞ்சல் வந்தது.

பத்து மணிக்குச் சந்தை திறந்தது. என் பங்கு 4.16இல் தொடங்கியது. 10:06க்குப் பழைய ஓடர் தூண்டப்பட்டு, 1,250 பங்குகள் 4.14க்கும் 750 பங்குகள் 4.12க்கும் போய்விட்டன. கையில் வந்தது 8,265 டொலர். அன்றைக்கு அந்தப் பங்கின் ஆகக் குறைந்த விலை 4.09. நான் காலையில் கொடுத்த 3.90 பக்கமே அது வரவில்லை.

இந்த மாதிரி ஓடர் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நாங்கள் போடும் ஸ்டாப் லாஸ், அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையின் ஓடர் பட்டியலில் போய் உட்காருவதில்லை. அது புரோக்கரின் கணினியில் காத்திருக்கிறது. விலை தொட்டதும் அந்தக் கணினிதான் சாதாரண விற்பனை ஓடர் ஒன்றைச் சந்தைக்கு அனுப்புகிறது. ஆகவே பிழை சந்தையில் நடக்கவில்லை. 4.14க்கு வாங்கியவர் நியாயமான விலைக்கு நியாயமாக வாங்கினார். அவரிடமிருந்து பங்கைப் பறித்து எனக்குத் தரும்படி கேட்க வழியில்லை.

சந்தை வியாபாரத்தையே ரத்துச் செய்யும் வசதி இருக்கிறதுதான். ஆனால் அது வழக்கமான விலையிலிருந்து மிகவும் விலகிப்போன வியாபாரங்களுக்கானது. அதையும் புரோக்கர்தான் கேட்கலாம், உடனடியாகக் கேட்கவேண்டும். வாடிக்கையாளர் நேரே சந்தையிடம் போக முடியாது. அமெரிக்காவில் 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி நைட் கப்பிட்டல் என்ற நிறுவனத்தின் கணினி, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தாறுமாறாக ஓடர்களைக் கொட்டி 44 கோடி டொலருக்கு மேல் நட்டம் ஏற்படுத்தியது. அப்போதுகூட ஆறு பங்குகளின் வியாபாரங்களைத்தான் ரத்துச் செய்தார்கள். மற்றவை நின்றன. 4.14க்கு நடந்த என் விற்பனையை எவரும் ரத்துச் செய்யப்போவதில்லை. அதைக் கேட்டு எழுதியிருந்தால், 'சந்தை விதிப்படி முடியாது' என்ற ஒரு வரிப் பதிலோடு என் முறைப்பாடு முடிந்திருக்கும். நான் கேட்கவேண்டியது புரோக்கரின் பணத்தை. அதுவும், என் கட்டளையை மீறி விற்றதற்காக.

விற்பனை நடந்தது எனக்குத் தெரியவந்தது சாப்பாட்டு இடைவேளையில், 12:40க்கு. அப்போது விலை 4.30ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. 12:46க்குத் தொலைபேசி எடுத்தேன். எழுதிக் கேளுங்கள் என்றார்கள். ஆனாலும் அந்த அழைப்பு வீண்போகவில்லை. அழைப்புகள் பதிவாகின்றன, எனக்கு எப்போது தெரியவந்தது, தெரிந்தவுடன் என்ன சொன்னேன் என்பதற்கு அதுவே சாட்சி. "என் கட்டளை 3.90. எனக்கு அந்தப் பங்குகள் திரும்ப வேண்டும். நீங்கள் வாங்கித் தராவிட்டால் நானே இப்போது வாங்குகிறேன், வித்தியாசத்தை உங்களிடம் கேட்பேன்" என்று சொன்னேன். 1:05க்கு 2,000 பங்குகளையும் 4.36க்குத் திரும்ப வாங்கினேன். 8,720 டொலர்.

அப்படி வாங்கியது சரியா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என் கணக்கில் சரி. வாங்கிய கணமே நட்டம் ஒரு எண்ணில் நின்றுவிட்டது: 8,720இல் 8,265 போக 455 டொலரும், இரண்டு தரகுக் கட்டணமும். வாங்காமல் இரண்டு வாரம் காத்திருந்து விலை ஐந்து டொலருக்குப் போயிருந்தால், 'தெரிந்தவுடன் ஏன் வாங்கவில்லை' என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். நட்டத்தைக் குறைக்க ஆனதைச் செய்தீர்களா என்று பின்னால் விசாரிப்பவர்களும் பார்ப்பார்கள். கையில் காசில்லாமல் திரும்ப வாங்க முடியாதவர், அந்தக் காரணத்தையே தொலைபேசியில் சொல்லிப் பதிவாக்கிவிட வேண்டும்.

அன்று பின்னேரம் அண்ணை திருத்தித் தந்தபடி, டண்டினொங் நூலகத்தில் இருந்து மறுபடி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் தமிழில் இதுதான்:

தலைப்பு: முறைப்பாடு. மாற்றப்பட்ட ஓடர் பழைய விலையில் செயற்பட்டது. வியாபார மீளாய்வு கோருகிறேன்.

"நவம்பர் 6, புதன், மெல்பேண் நேரம். காலை 7:12: ஓடரின் தூண்டு விலையை 4.20இலிருந்து 3.90க்கு மாற்றினேன், நீங்கள் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல் இணைப்பில். 10:06: 2,000 பங்குகள் 4.14க்கும் 4.12க்கும் விற்கப்பட்டன, கொன்ட்ராக்ட் நோட் இணைப்பில். 12:46: தொலைபேசியில் அறிவித்தேன். 1:05: 4.36க்குத் திரும்ப வாங்கினேன்.

அன்றைய ஆகக் குறைந்த விலை 4.09. நடைமுறையில் இருந்த கட்டளைப்படி இந்த ஓடர் தூண்டப்பட்டிருக்க முடியாது.

என் கேள்வி: 10:06க்கு உங்கள் கணினியில் இந்த ஓடரின் தூண்டு விலை என்னவாக இருந்தது? அந்த ஓடரின் முழுப் பதிவையும், ஒவ்வொரு நேரமும் எந்த நேர வலயம் என்ற குறிப்போடு அனுப்புங்கள்.

நான் கேட்கும் பரிகாரம்: 455 டொலரும் இரு வியாபாரங்களின் தரகுக் கட்டணமும்."

இவ்வளவுதான். கோபம் இல்லை, மென்பொருள் எப்படிப் பிழைத்திருக்கும் என்ற என் ஊகமும் இல்லை. ஊகத்தை எழுதினால், அவர்கள் அந்த ஊகத்தை மறுத்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'முறைப்பாடு' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டதற்கும் காரணம் உண்டு. ஒழுங்குமுறை ஆணையமான அசிக்கின் விதிகள் 2021 ஒக்டோபரில் இறுகின. அதிருப்தி தெரிவிக்கும் எதையும் முறைப்பாடாகவே எடுக்கவேண்டும், பொதுவாக 30 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தரவேண்டும் என்பது விதி. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் விதி பொருந்தும். ஆனால் நாளுக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் பார்ப்பவரின் கண்ணில் அது பட்டால், கேள்விகளின் வரிசையிலிருந்து உடனே முறைப்பாட்டு வரிசைக்குப் போகும்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. விற்பனை 5ஆம் திகதி 23:06க்கு நடந்தது, மாற்றம் 6ஆம் திகதி 07:12க்குத்தான் வந்தது, ஆகவே மாற்றத்துக்கு முன்பே விற்பனை முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது. பிறகு பதிலோடு வந்த ஓடர் பதிவை மறுபடி பார்த்தேன். விற்பனை வரிக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் `UTC` என்று இருந்தது. மாற்றத்தின் வரியில் அது இல்லை. அது மெல்பேண் நேரம். நவம்பரில் கோடைகால நேரம் நடப்பதால் எங்களுக்கும் `UTC`க்கும் 11 மணி நேர வித்தியாசம். 5ஆம் திகதி 23:06ஓடு 11ஐக் கூட்டினால் 6ஆம் திகதி காலை 10:06. இரண்டு கணினிகளின் இரண்டு நேரங்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு எங்கள் சந்தையே பூட்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பதிலாக மூன்று வரி எழுதினேன். இரு நேரங்களையும் மெல்பேண் நேரத்தில் வைத்தேன், இடையில் 2 மணி 54 நிமிடம் இருக்கிறது என்றேன், அதே கேள்வியை மறுபடி கேட்டேன். 30 நாளில் தீராவிட்டால் அஃப்காவுக்குப் போவேன் என்றும் சேர்த்தேன். 2018 நவம்பரிலிருந்து இயங்கும் அந்த நிதி முறைப்பாட்டு அமைப்பு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இதை மிரட்டலாக எழுதத் தேவையில்லை. பொதுவாக, அந்த வழி உண்டென்று இறுதிப் பதிலில் அவர்களே சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் மீளாய்வு முடிந்தது. மாற்றம் வாடிக்கையாளர் பக்கத்தில் பதிவாகியும், விலையைக் கண்காணிக்கும் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 455 டொலரும் இரண்டு தரகுக் கட்டணமும் வந்தன.

இதில் என்னைக் காப்பாற்றியது 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற அந்தக் காலை மின்னஞ்சல். 'பரிசீலனையில்' என்று மட்டும் திரையில் இருந்து நான் வேலைக்குப் போயிருந்தால், என்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. திரையை நம்பவும் முடியாது: விற்பனைக்குப் பிறகு அந்த ஓடரின் பக்கத்தில் 'முடிந்தது' என்ற நிலை மட்டும்தான் இருந்தது, 3.90 என்ற எண்ணே இல்லை. இப்போது ஓடரை மாற்றினால், ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல் வரும்வரை காத்திருந்து, மாற்றிய ஓடரை மறுபடி திறந்து எண்ணைப் பார்த்து, திரையைப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் பெற முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்தில் பாதிக்குத்தான் இங்கே வரி. நான்கு வாரம் முந்தி விற்கப்பட்டதால், 2,065 டொலர் இலாபம் முழுவதற்கும் வரி கட்டவேண்டியதாயிற்று. என் வருமானத்துக்கு ஏறத்தாழ 330 டொலர் கூடுதல். அதையும் பிறகு எழுதிக் கேட்டேன். அந்த நான்கு வாரத்தில் நான் எப்படியும் விற்றிருக்க மாட்டேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். தூண்டு விலையைத் தளர்த்தியதைக் காட்டினேன். அது போதாது என்றார்கள். அண்ணையிடம் கேட்டேன். "அது போதாதுதான் தம்பி" என்றார்.